கடைசி எழுத்தைப் பாருங்கள்

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். "இதுல எது பேங்க்காரன், எது ஏமாத்துறவன்னே தெரியல. எல்லாத்தையும் நிறுத்திவிடேன்" என்றார். பென்ஷன் வந்த தகவல், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பிளாட் விற்பனை, 'ஆவணமே வேண்டாம், ஐந்து லட்சம் கடன்' என்று எல்லாம் ஒரே வரிசையில் கிடந்தன.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பதிவுபெற்ற நிறுவனங்களின் எஸ்.எம்.எஸ். பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. `VM-ABCDEF-P` போன்ற ஒரு பெயரில் வரும். 2025-ல் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் திருத்திய விதியின்படி, அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்க வேண்டும். `P` என்றால் விளம்பரம். `S` என்றால் நீங்கள் வாங்கிய பொருள், சேவை பற்றிய தகவல். `T` ஓ.டி.பி., பணப் பரிவர்த்தனை போன்றவற்றுக்கு. `G` அரசுத் தகவல்.

டி.என்.டி. பதிவு தடுப்பது விளம்பரத்தை மட்டும்தான். 'அதைப் போட்டால் ஓ.டி.பி. வராமல் போய்விடுமோ' என்று சித்தப்பாவைப் போலவே பலரும் பயந்து பதியாமல் விடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பதிவு செய்வதும் ஒரு நிமிட வேலை. அந்த சிம்மிலிருந்தே 1909 என்ற எண்ணுக்கு இப்படி அனுப்பினால் போதும், கட்டணம் கிடையாது:

```
START 0
```

இது முழுத்தடை. விளம்பரங்களை வகை வகையாகவும் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்: வங்கி, கடன், காப்பீடு என்றால் 1, வீடு, மனை என்றால் 2, கல்வி 3, மருத்துவம் 4. இப்படி 8 வரை போகிறது. எஸ்.எம்.எஸ். அனுப்பத் தயங்குபவர்கள் 1909-ஐ அழைத்தும் பதியலாம். வீட்டில் இரண்டு சிம் இருந்தால் இரண்டிலிருந்தும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பதிவு ஆளுக்கு அல்ல, எண்ணுக்கு.

சித்தப்பாவுக்கு முழுத்தடை போட்டோம். சில நாளில் பிளாட் விளம்பரம் நின்றது. ஜவுளிக்கடை நிற்கவில்லை! விசாரித்தால், தீபாவளிக்குத் துணி எடுத்தபோது பில் போடும் இடத்தில் நம்பர் கேட்டிருக்கிறார்கள். இவரும் சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு நாம் தனியாகச் சம்மதம் கொடுத்திருந்தால், டி.என்.டி.யையும் தாண்டி அதன் விளம்பரம் வரலாம். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதுதான் தீர்வு. விளம்பரச் செய்தியிலேயே விலகும் வழி இருக்க வேண்டும் என்பது புதிய விதி. ஆனால் தெரியாத இடத்திலிருந்து வந்த செய்தியில் 'விலக இங்கே தொடவும்' என்று இருந்தால் தொடாதீர்கள். தூண்டிலே அதுவாக இருக்கலாம்.

அந்தக் கடன் செய்தியும் தொடர்ந்தது. அது வந்தது சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து. பதிவே செய்யாமல் விளம்பரம் அனுப்புகிறவர் டி.என்.டி. பட்டியலைப் பார்த்துவிட்டா அனுப்பப் போகிறார்? இங்கே புகார்தான் ஆயுதம். செய்தியின் வாசகம், அனுப்பிய எண், வந்த தேதி மூன்றையும் காற்புள்ளியிட்டு அதே 1909-க்கு அனுப்ப வேண்டும்:

```
Loan upto 5 lakh no documents, 98XXXXXXXX, 14/07/25
```

எண்ணை முழுதாக எழுதுங்கள். தேதி, புகார் கொடுக்கும் நாள் அல்ல, செய்தி வந்த நாள். வந்த ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். முன்பு மூன்று நாள்தான் இருந்தது. டிராயின் டி.என்.டி. செயலியிலும் புகார் செய்யலாம்; வாசகத்தைத் தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர்களுக்கு அது வசதி. இப்படிப் பதிவுபெறாத எண்மீது புகார் சொல்ல நீங்கள் டி.என்.டி.யில் இருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

'நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகும்' என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு அவ்வளவு பெரிதல்ல. பதிவுபெறாத ஒரு எண்மீது பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது விதி. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் தேவைப்பட்டது. முதல் முறை பிடிபட்டால் அந்த எண்ணின் அவுட்கோயிங் பதினைந்து நாள் முடங்கும். மீண்டும் மாட்டினால் அனுப்பியவரின் இணைப்புகளெல்லாம் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். வேறு சிம்மில் அவர் திரும்பி வரலாம் என்பதும் உண்மை. அப்போது அந்த எண்ணுக்கும் புகார்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்கு 1909 உதவாது. அங்கேயே பிளாக் செய்து ரிப்போர்ட் செய்ய வேண்டும். கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, மின் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டும் மோசடிச் செய்திகளை `Sanchar Saathi` தளத்தின் `Chakshu` பகுதியில் தெரிவியுங்கள். பணமே போய்விட்டால் எதையும் தேடாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

ஒன்று மட்டும்: எரிச்சலில் செய்தியை அழித்துவிடாதீர்கள். புகார் எண் கைக்கு வரும்வரை அது போனில் இருக்கட்டும்.