கல்லில் தெரிவது பெரணி இலையா, வெறும் கறையா?

வத்திராயிருப்பு வட்டாரத்தில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்துப் பிளக்கும்போது, சில கற்களின் முகத்தில் கறுப்பாக ஒரு செடி படர்ந்திருக்கும். கிளைக்குள் கிளையாக, பெரணி இலையை அச்சுக் குத்தியது போலவே இருக்கும். ‘பல கோடி வருஷத்துப் புதைபடிவம், நல்ல விலை போகும்’ என்று யாராவது சொல்லிவிட்டால், கல் பரணுக்கு ஏறிவிடும்.

அது செடி அல்ல. பாறையின் விரிசலில் கசிந்த தண்ணீர் கொண்டுவந்த மாங்கனீசு, இரும்புச் சத்து படிந்த கறை. ஒட்டியிருக்கும் இரண்டு கல் முகங்களுக்கு நடுவே பரவ இடம் கிடைக்காததால், அந்தப் படிவு கிளை கிளையாகப் பிரிந்து வளர்கிறது. இதை ‘டென்ட்ரைட்’ என்பார்கள்.

முதலில் பாறையைப் பாருங்கள்

உயிரின் தடம் கல்லில் தங்க வேண்டுமானால், சேறோ மணலோ அதை மூடி, அப்படியே இறுகிக் கல்லாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பாறை அப்படி உண்டானது அல்ல. வரி வரியாக ஓடும் நைஸ், கருநீலச் சார்னகைட் இரண்டும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெரணிச் செடிகள் பூமியில் தோன்றியதே அதற்குப் பிறகுதான். ஆகவே கிணற்றுப் பாறைக்குள் பெரணி இருக்க வழியில்லை.

இதே விருதுநகர் மாவட்டத்தில் பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதுவும் வெப்பத்தில் உருமாறியதே என்பதால், அதில் சிப்பி கிடைப்பதில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அந்த வெப்பத்தைப் பார்க்காதது. அதனால்தான் அங்கே சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இலையா, கறையா?

உண்மையான இலைப் பதிவில் நடு நரம்பு இருக்கும். அதன் இருபுறமும் சிற்றிலைகள் ஒரே சீராக, நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். பெரம்பலூர் மாவட்டம் தெரணியில் களிமண் தோண்டும் இடத்தில் கிடைக்கும் இலைப் பதிவுகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கறைக்கு நடு நரம்பு கிடையாது. கிளைகள் கோணல்மாணலாக, பெரும்பாலும் ஒரு விரிசல் கோட்டிலிருந்தே கிளம்பும். விரிசல் முகத்தில் மட்டும்தான் இருக்கும். கல்லைக் குறுக்கே உடைத்தால் உள்ளே ஒன்றும் இராது.

எலும்பு போன்ற கல்

ஓடைக்கரையிலும் கரிசலிலும் வெள்ளையாக, குழல் போல, எலும்பை ஒத்த துண்டுகள் கிடைக்கும். பெரும்பாலும் அது சுக்கான்கல். செடியின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, பிறகு வேர் மக்கிப்போனதால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும். உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்பானால் வெளிச்சுற்று கெட்டியாகவும் உட்புறம் தேன்கூடு போலவும் இருக்கும். சுக்கான்கல்லில் மணல் பொடிகள் கலந்து, முண்டும் முடிச்சுமாகத் தெரியும்.

எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். சுக்கான்கல்லும் நுரைக்கும், சிப்பிக்கல்லும் நுரைக்கும். அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

குன்னத்தில் கிடைத்த ‘முட்டை’

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, கூட்டம் கூடியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை என்றார்கள். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். கடலடிச் சேற்றில் கிடந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரியின் மேல் படிவு சேர்ந்து சேர்ந்து உருண்டையானவை அவை. முட்டையானால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும். உருண்டையாக இருப்பது மட்டும் அடையாளமாகாது. ஆனாலும் பாறை சரியான பாறை என்பதால், அங்கே பார்க்க வேண்டிய ஒரு பொருள் இருந்தது.

வத்திராயிருப்புப் பக்கம் அசல் புதைபடிவம் இருக்குமானால், அது வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம், அதே அம்மோனைட்டின் தடம்தான்.

சந்தேகம் தீரவில்லையா?

கல்லை உளியால் கொத்தவோ, அமிலத்தில் கழுவவோ வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், மண்ணிலா பாறையிலா கிடைத்தது என்று எழுதி வையுங்கள். இந்த விவரம் இல்லாத கல்லைப் பற்றி நிபுணராலும் அதிகம் சொல்ல முடியாது. பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறையிலோ, அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ காட்டலாம். எலும்போடு பானை ஓடும் சேர்ந்து கிடைத்தால் அது மனிதர் புதைத்த இடமாக இருக்கலாம். அதற்கு மேல் தோண்டாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.