கல்யாண வீடியோ லிங்க் வந்தாச்சா?

கல்யாணம் முடிந்து ஆல்பத்துக்கு முன்பே வந்துவிடுவது வீடியோகிராபரின் மின்னஞ்சல்தான். "அண்ணா, முகூர்த்தம் முழு வீடியோ ரெடி. லிங்க் 30 நாள்தான் இருக்கும், அதுக்குள்ள இறக்கிடுங்க" என்ற வரிக்குக் கீழே ஒரே வீடியோ இரண்டு பெயரில் இருக்கும்: `Muhurtham_4K.mp4`, `Muhurtham_1080p.mp4`. எதை எடுப்பது?

1080p என்பதில் ஒரு படத்துக்கு அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். 4K-யில் 3840, 2160. அதாவது நான்கு மடங்கு. மாங்கல்யத்தின் வேலைப்பாடும் பட்டுப்புடவையின் ஜரிகையும் 55 அங்குல 4K டிவியில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். கைபேசியில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

கோப்பின் கனத்தைத் தீர்மானிப்பது புள்ளிகள் மட்டுமல்ல, ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் பதிவாகியிருக்கிறது என்பதும்தான். மூன்று மணி நேர வீடியோவை நொடிக்கு 50 மெகாபிட் அளவில் 4K-யாகக் கொடுத்தால் 67.5 ஜிபி வரும். 12 மெகாபிட்டில் 1080p என்றால் 16.2 ஜிபி. வீட்டில் 40 மெகாபிட் வேகத்தில் நெட் தடையில்லாமல் வந்தால் சின்னது இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், பெரியதற்கு மூன்றே முக்கால் மணி. கைபேசியின் தினசரி டேட்டாவை நம்பி இதில் இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இரண்டையும் எடுங்கள். 4K பாதுகாப்பாக வைத்துக்கொள்ள, 1080p வீட்டில் போட்டுப் பார்க்க. லிங்கைத் திறந்து பிரவுசரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு "மங்கலா இருக்கே" என்று வீடியோகிராபரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே ஓடுவது பெரும்பாலும் தரம் குறைத்த முன்னோட்டம்.

பலர் தடுமாறும் இடம் பென் டிரைவ். 128 ஜிபி டிரைவ் காலியாகவே இருக்கும், ஆனால் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுக்கும். டிரைவ் FAT32 முறையில் இருப்பதுதான் காரணம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. exFAT-ஆக ஃபார்மட் செய்தால் ஏறிவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள். உங்கள் டிவி exFAT-ஐ படிக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியது முழுதா என்று பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. வீடியோகிராபரின் மேக் கணினி 67.5 என்று காட்டும் அதே கோப்பை உங்கள் விண்டோஸ் 62.9 என்று காட்டும். எதுவும் குறையவில்லை, முன்னது ஆயிரத்தால் வகுக்கிறது, பின்னது 1024-ஆல். பைட் எண்ணிக்கையை ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். பிறகு வீடியோவின் நடுவிலும் கடைசி நிமிடத்திலும் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, "முழுசா வந்துடுச்சு தம்பி" என்று பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலைப் பார்த்த பிறகே மூலப் பதிவுகளை அழிக்கும்படி அவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.