கணக்கு இருக்கட்டும், எண் போகட்டும்

போன மாதம் ஒரு மதியம் பெரியம்மா மகள் போன் செய்தாள். குரலில் பதற்றம். அவளை யாரோ அழைத்திருக்கிறார்கள். முழுப்பெயரைச் சொல்லி, "அட்வான்ஸ் பிறந்தநாள் வாழ்த்துகள் மேடம்" என்று தொடங்கி, அவள் வேலை பார்த்த கம்பெனியின் பெயரையும் சொல்லி, சம்பளக் கணக்குக்குப் பரிசுப் புள்ளிகள் சேர்ந்திருப்பதாகவும் ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறான். ஓடிபி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வைத்துவிட்டாள். நல்லவேளை.

"டேய், என் பிறந்தநாளும் ஆபீசும் அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"அக்கா, உன் ஃபேஸ்புக்கைத் திறந்து பாரு. நீயே எழுதி வச்சிருக்க."

2011-ல் கணக்கு தொடங்கியபோது கேட்ட கட்டத்தையெல்லாம் நிரப்பியிருந்தாள். கைப்பேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, வேலை பார்க்கும் இடம் என நான்கும் அப்படியே இருந்தன. கணக்கையே அழித்துவிடலாம் என்றாள். ஆனால் அதில்தான் பெரியப்பாவின் கடைசிப் பொங்கல் படங்கள் இருக்கின்றன, அவளுடைய பள்ளித் தோழிகளின் குழுவும் இருக்கிறது. கணக்கை அழிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் இருவரும் உட்கார்ந்தோம்.

எண்ணை மற்றவர் பார்க்காமல் மறைப்பது ஒன்று, எண்ணை வைத்து உங்களைத் தேடிப் பிடிக்க முடியாமல் செய்வது வேறொன்று, எண்ணையே கணக்கிலிருந்து எடுப்பது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் முதலாவதைச் செய்துவிட்டு மூன்றும் முடிந்ததாக நினைக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குக் கோடிக்கணக்கானவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த சுமார் 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. அதில் இந்தியர்கள் மட்டும் 60 லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். யாரும் ஃபேஸ்புக்கின் பூட்டை உடைத்து உள்ளே போகவில்லை. நம் போனில் உள்ள தொடர்புகளை ஏற்றினால் அவர்களில் யார் யார் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள் என்று காட்டும் வசதி ஒன்று உண்டு. அதற்குள் லட்சக்கணக்கான எண்களை வரிசையாகப் போட்டு, எந்த எண்ணுக்கு எந்த முகம் என்று பொருத்தி எடுத்துக்கொண்டார்கள். ப்ரொஃபைலில் எண்ணை மறைத்திருந்தாலும், 'எண்ணை வைத்து யார் என்னைத் தேடலாம்' என்ற வேறொரு செட்டிங்கில் 'எல்லோரும்' என்று இருந்தால் அவர்களும் மாட்டினார்கள். எண் தெரிந்ததும், பொதுவில் இருந்த பிறந்த தேதியும் வேலையிடமும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. 2019 செப்டம்பருக்கு முன்பே சுரண்டப்பட்ட விவரங்கள் இவை என்றது ஃபேஸ்புக். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அக்காவுக்கு வந்த அழைப்பு இதிலிருந்துதான் கிளம்பியது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால் அப்படி ஓர் அழைப்பைச் செய்வது மிகச் சுலபம்.

அதனால் எண்ணை மறைப்பதோடு நிற்காமல் எடுத்தே விடுவது என்று முடிவு செய்தோம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. கணக்குக்கு ஒரு எண்ணோ ஒரு மின்னஞ்சலோ இருந்தே ஆகவேண்டும். கடவுச்சொல் மறந்தால் உள்ளே வர அதுதான் வழி. அக்கா கணக்கில் இருந்த இரண்டுமே செத்துப்போனவை. மின்னஞ்சல், விட்டு வந்துவிட்ட கம்பெனி கொடுத்தது. வேலையை விட்ட வாரமே அது மூடப்பட்டிருக்கும். எண்ணோ, இரண்டு வருஷத்துக்கு முன்பு ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்முடையது. போனில் எப்போதும் லாகின் ஆகியே இருந்ததால் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அன்று அவள் கை தவறி லாக்-அவுட் செய்திருந்தால், கடவுச்சொல்லும் நினைவில் இல்லாத நிலையில், பெரியப்பாவின் படங்கள் அத்தோடு போயிருக்கும்.

பழைய எண் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தரக் கூடாது. அதன் பிறகு தரலாம், தருகிறார்கள். புதிதாக அந்த எண்ணை வாங்கியவர் ஃபேஸ்புக்கில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால், அக்கா கணக்குக்கான குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சாவி அவர் பையில் இருக்கிறது.

எனவே முதலில் சேர்ப்பது, பிறகு எடுப்பது. செட்டிங்ஸில் Accounts Center, அதற்குள் Personal details, அதற்குள் Contact info. அங்கே அவளுடைய சொந்த மின்னஞ்சலைச் சேர்த்தோம். அந்த மெயிலுக்கு வந்த குறியீட்டைத் திரும்பத் தட்டி, அது உறுதியாகிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய எண்ணைத் தொட்டு Delete number கொடுத்தோம். கடவுச்சொல் கேட்கும், போட வேண்டும். (அக்காவுக்கு நினைவில்லை. புது மெயில் வழியாக அதை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். வரிசை மாறியிருந்தால் இந்த வழியே இருந்திருக்காது.) இன்ஸ்டாகிராமும் அதே இடத்தில் இணைந்திருந்தால் எந்தெந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று கேட்கும். இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே முறையில் கம்பெனி மெயிலையும் எடுத்தோம்.

இரட்டைப் பூட்டு, அதாவது Two-factor authentication, எஸ்எம்எஸ் வழியாக வைத்திருப்பவர்கள் எண்ணை எடுப்பதற்கு முன் அதை ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேயே Recovery codes என்று பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அக்கா அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இனி அந்த மெயில்தான் அவளுக்கு ஒரே வாசல் என்பதால் மெயிலுக்கும் இரட்டைப் பூட்டு போட்டோம். இதற்குப் பிறகு ஃபேஸ்புக் அவ்வப்போது எண்ணைச் சேர்க்கச் சொல்லி ஒரு திரையை நீட்டும். அதைத் தாண்டிப் போய்விடலாம்.

மெயிலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் Only me ஆக்கிவிட்டு, How people find and contact you என்ற பக்கத்துக்குப் போய், மெயிலை வைத்துத் தேடுவதையும் Only me என்று மாற்றினோம். அதே பக்கத்தில்தான் கூகுள் போன்ற தேடுபொறிகள் ப்ரொஃபைலுக்கு இணைப்புக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதையும் அணைத்தோம்.

பிறந்தநாளை எடுக்க முடியாது. வயதைத் தெரிந்துகொள்ள ஃபேஸ்புக் அதை வைத்துக்கொள்ளும். நாம் செய்யக்கூடியது மறைப்பது மட்டும்தான். தேதி-மாதத்துக்குத் தனியாக, வருஷத்துக்குத் தனியாக, யார் பார்க்கலாம் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பலர் வருஷத்தை மட்டும் மறைத்துவிட்டு, வாழ்த்து வரட்டுமே என்று தேதியை விட்டுவைக்கிறார்கள். அக்காவும் அதைத்தான் கேட்டாள். நான் இரண்டையும் மறைக்கச் சொன்னேன். இ-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பிறந்த வருஷம். வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்களில் பலவற்றுக்குப் பெயரின் சில எழுத்துகளும் தேதி-மாதமும்தான் பூட்டு. வருஷம் ஒன்றைத் திறக்கிறது, தேதி இன்னொன்றைத் திறக்கிறது.

இரண்டையும் Only me ஆக்கிவிட்டு அக்கா நிமிர்ந்தாள். நான் அவளுடைய பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போனேன். 2018-ல் ஒரு தோழி போட்ட வாழ்த்து, கேக் படத்தோடு: நாற்பதைத் தொடும் என் தங்கத்துக்கு! போஸ்ட்டின் தேதியே பிறந்த தேதி. 2018-லிருந்து 40-ஐக் கழித்தால் வருஷம். கட்டத்தில் மறைத்த மூன்றும் அந்த ஒரு வரியில் வெளியே கிடந்தன. செட்டிங்ஸில் Profile and tagging பகுதியில், மற்றவர்கள் நம் பக்கத்தில் எழுதியதை யார் பார்க்கலாம் என்பதை Only me ஆக்கினால் இப்படிப்பட்ட பழைய வாழ்த்துகள் எல்லாம் பிறர் கண்ணிலிருந்து மறையும். ஆனால் தோழி தன் சொந்தப் பக்கத்தில் போட்டு அக்காவை டேக் செய்திருந்த படம் தோழியுடையது. டேக்கை நாம் கழற்றலாம், படத்தை அவர்தான் எடுக்க வேண்டும். அக்கா அங்கேயே போன் போட்டுக் கேட்டாள். தோழி சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

வேலையிடத்தை எடுப்பது நான்கிலும் சுலபம். ப்ரொஃபைலில் About, அதில் Work, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பென்சிலைத் தொட்டு Delete. இங்கேயும் ஒரு மிச்சம் உண்டு. வேலையில் சேர்ந்தபோது அந்தச் செய்தி தனிப் போஸ்ட்டாகவும் பக்கத்தில் பதிவாகியிருந்தது. About-ல் அழித்தாலும் அது போய்விட்டதா என்று தேடிப் பார்த்துத் தனியாக அழிக்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டையோடு எடுத்த படம் ஒன்றும் இருந்தது. பெரிதாக்கினால் பணியாளர் எண்ணே தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் சோதித்தோம். ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டு View as கொடுத்தால், முன்பின் தெரியாத ஒருவர் கண்ணுக்கு நம் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும். பெயரும் முகமும் ஊரும் மட்டும் இருந்தன. ஆனால் எண் உண்மையிலேயே கழன்றுவிட்டதா என்பதை View as காட்டாது. அதற்கு என் போனில், லாகின் ஆகாத ப்ரௌசரில், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' பக்கத்தைத் திறந்து அக்காவின் பழைய எண்ணைப் போட்டோம். இதற்கு முன் போட்டிருந்தால் அவள் கணக்கை எடுத்துக் காட்டியிருக்கும். இப்போது அப்படி எந்தக் கணக்கும் இல்லை என்று வந்தது.

அவள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் உறவினர்கள் தங்கள் தொடர்புகளை ஃபேஸ்புக்கில் ஏற்றியிருந்தால், அந்தப் பட்டியல்களில் எண் இன்னும் இருக்கும்.  அவளே தன் போனிலிருந்து ஏற்றியிருந்த நானூற்றுச் சொச்சம் எண்களை, Accounts Center-ல் Upload contacts பகுதிக்குப் போய் நீக்கிவிட்டு, அந்த வசதியையும் அணைத்தோம். கூகுளில் அவள் பெயரைத் தேடியபோது கம்பெனிப் பெயரோடு பழைய வரி ஒன்று இன்னும் காட்டியது. கூகுளின் Refresh Outdated Content பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட எழுந்தோம்.