கொடைக்கானல் வீடுகளில் ஷவரும் நீரழுத்தமும்

குளியலறைக் குழாய், ஷவர் ஆகியவற்றின் மரை இந்தியாவில் பெரும்பாலும் அரை அங்குலமே. எனவே அது பொருந்தாமல் போவது அரிது. குரோமியப் பூச்சா, வேறு பூச்சா என்பது தோற்றத்தையும் துடைக்கும் வேலையையும் பொறுத்தது. சிக்கல் நீரழுத்தத்தில்தான்.

தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயர்ந்திருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பது இதில் சேராது. தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான், 0.5 பார் கேட்கும் அகன்ற ஷவரில் நீர் நூலாக வடியும். அதே தொட்டியை வீட்டுக்குப் பின்னுள்ள மலைச்சரிவில், ஷவருக்கு 8 மீட்டர் மேலே வைத்தால் 0.8 பார் வரும். நீண்ட குழாயின் உராய்வில் சிறிது குறைந்தாலும் பம்பு வேண்டியதில்லை.

வாங்குமுன், தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரையிலான செங்குத்து உயரத்தை அளந்து, பெட்டியில் அச்சிட்ட குறைந்தபட்ச அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கும்போது அளப்பது ஏமாற்றும்.