ஒரே தொகுப்பு, இரண்டு மதிப்பெண்

வார்டு போஸ்டிங் முடித்து வரும் நர்சிங் மாணவியின் கையில் ஒரு தொகுப்பு இருக்கும். அவர் கவனித்த நோயாளிகளின் கேர் பிளான், கேர் ஸ்டடி, செய்த சிகிச்சைமுறைகளின் பதிவு, கூடவே தன் வேலையைத் தானே அசைபோட்டு எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில் அடங்கும். போர்ட்ஃபோலியோ என்று கல்லூரிகள் சொல்வது இதைத்தான். எழுத்துத் தேர்வுத்தாள் எல்லோருக்கும் ஒரே கேள்விகளோடு வரும். இந்தத் தொகுப்பு அப்படியல்ல. ஒருத்தி அறுவை சிகிச்சை வார்டில் இருந்திருப்பாள், இன்னொருத்தி குழந்தைகள் வார்டில் இருந்திருப்பாள். பார்த்த நோயாளிகள் வேறு, மதிப்பெண் போடும் டியூட்டரும் வேறு. ஒருவர் 8 போடும் தொகுப்புக்கு மற்றவர் 5 போடுவது அடிக்கடி நடக்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணை எழுதப்படுகிறது. எதைப் பார்க்க வேண்டும், எப்படி இருந்தால் எத்தனை மதிப்பெண் என்பதை அது முன்கூட்டியே சொற்களில் எழுதி வைக்கிறது.

இடைவெளி எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் அட்டவணை எழுதினால் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை வார்டில், காலில் ஆறாத புண்ணோடு சர்க்கரை நோயாளி ஒருவர். காலை 7 மணிக்கு இன்சுலின் போடப்படுகிறது. அன்றைக்குச் சாப்பாட்டு வண்டி வரத் தாமதம். 8.10க்கு நோயாளி வியர்த்து நடுங்குவதை மாணவி பார்க்கிறார். குளுக்கோமீட்டர் 58 காட்டுகிறது. நினைவு தெளிவாக இருப்பதால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 84. டாக்டருக்குத் தகவல் போகிறது, சாப்பாடும் வந்துவிடுகிறது. மாணவி இதை நேரவாரியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார். சர்க்கரை ஏன் குறைகிறது என்பதற்குப் பாடநூலில் உள்ள விளக்கத்தையும் சேர்த்திருக்கிறார். கடைசியில், ‘இனி கவனமாக இருப்பேன்’ என்று முடித்திருக்கிறார்.

முதல் டியூட்டர் 10க்கு 8 போடுகிறார். நேரம், அளவு, கொடுத்த மருந்து எதுவும் விடுபடவில்லை, ஆபத்தும் நீங்கியது என்பது அவர் கணக்கு. இரண்டாமவர் 5 போடுகிறார். சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்காமல் இன்சுலின் போட்டதே பிரச்சினையின் வேர், மாணவி அதைத் தொடவே இல்லை என்பது அவர் வாதம். இருவருமே சொல்வது சரி. ஒருவர் பதிவை அளந்தார், மற்றவர் சிந்தனையை அளந்தார். கையில் இருந்த படிவமோ ‘கேர் ஸ்டடி – 10 மதிப்பெண்’ என்று மட்டும் சொன்னது.

ஆகவே முதல் வேலை, கலந்து கிடக்கிற பொருள்களைத் தனித்தனி வரிசைகளாகப் பிரிப்பது. நோயாளியின் நிலையைக் கண்டறிந்தது, செய்ததற்குக் காரணம் காட்டியது, பதிவு செய்தது, தன் செயலைத் திரும்பிப் பார்த்தது என நான்கு வரிசைகள் போதும். பத்து, பன்னிரண்டு வரிசை வைத்தால் டியூட்டர் தொகுப்பைப் படிப்பதை விட்டுவிட்டு டிக் அடிக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வரிசைக்கும் 1 முதல் 4 வரை நிலைகள். ஐந்து நிலை வைத்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் கை நடுவில் உள்ள 3க்குப் போகும். நான்கில் அந்த நிழல் கிடையாது.

கடினமான பகுதி அந்த நிலைகளுக்கு எழுதும் சொற்கள். ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதினால் பழைய படிவமே வேறு உருவில் திரும்பி வந்ததாக ஆகும். ஒருவரின் ‘நன்று’ இன்னொருவரின் ‘சுமார்’. பக்கத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும். காரணம் காட்டும் வரிசையை இப்படி எழுதலாம். செய்தது மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை என்றால் 1. பாடநூல் காரணம் இருக்கிறது, ஆனால் இந்த நோயாளியோடு இணைக்கப்படவில்லை என்றால் 2. இந்த நோயாளியின் அளவுகளையும் அறிகுறிகளையும் காட்டிக் காரணம் சொன்னால் 3. வேறு என்னவாக இருக்கலாம் என்று யோசித்து, அதை ஏன் விலக்கினார் என்றும் எழுதினால் 4. திரும்பிப் பார்க்கும் வரிசையிலும் இப்படித்தான். ‘கவனமாக இருப்பேன்’ என்பது உறுதிமொழி மட்டுமே, ஆகவே 2. எந்தப் படியில் எது தவறியது என்று சுட்டினால் 3. அந்தப் படியை அடுத்த முறை எப்படி மாற்றுவார் என்றும் சொன்னால் 4.

இந்த அட்டவணையோடு அதே கேர் ஸ்டடியைத் திரும்பப் படித்தால், கண்டறிதலுக்கு 3, காரணத்துக்கு 2, பதிவுக்கு 4, திரும்பிப் பார்த்தலுக்கு 2, மொத்தம் 16க்கு 11 என்று வருகிறது. ஏதாவது ஒரு வரிசையில் இருவரும் ஒரு படி வேறுபடலாம். ஆனால் முன்பு 8க்கும் 5க்கும் இருந்த தூரம் இப்போது இல்லை. மாணவிக்கும் எங்கே மதிப்பெண் போனது என்று தெரிகிறது.

தொகுப்பில் இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. வியர்வையைப் பார்த்ததும் மாணவி தானாகவே குளுக்கோமீட்டரை எடுத்தாரா, ‘முதலில் எதைப் பார்க்கணும்?’ என்று டியூட்டர் கேட்ட பிறகு எடுத்தாரா? தாள் இதைச் சொல்லாது. அருகில் இருந்த டியூட்டருக்குத் தெரியும், வெளியிலிருந்து படிப்பவருக்குத் தெரியாது. அமெரிக்க நர்சிங் ஆசிரியர் கேத்லீன் பாண்டி 1983இல் வெளியிட்ட அளவுகோல் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மாணவருக்கு எவ்வளவு தூண்டுதல் தேவைப்பட்டது என்பதை அவர் அளவையாக்கினார். தானே செய்பவரில் தொடங்கி, இடைவிடாமல் சொல்லிக்கொடுத்தும் கைபிடித்தும் செய்யவைக்க வேண்டியவர் வரை அவர் வகுத்தது ஐந்து படிகள். இதைத் தொகுப்புக்குக் கொண்டுவர ஒரு சிறு கட்டம் போதும். என்ன தூண்டுதல் தரப்பட்டது என்று டியூட்டர் அன்றைக்கே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். போஸ்டிங் முடிந்து ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் அது அந்த மாணவியைப் பற்றிய பொதுவான அபிப்பிராயமாகவே இருக்கும்.

சில தவறுகளைக் கூட்டலில் கரையவிடக் கூடாது. மருந்து அளவைத் தவறாகக் கணக்கிட்டது, நோயாளியின் பெயரையும் படுக்கை எண்ணையும் மறைக்காமல் எழுதியது, செய்யாத பரிசோதனையைச் செய்ததாகக் குறித்தது ஆகியவை நான்கு வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், மற்ற மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும், தொகுப்பு திரும்பிப் போகும். அழகான படங்களுக்குக் கிடைத்த மதிப்பெண் தவறான இன்சுலின் அளவை ஈடுகட்டக் கூடாது.

அட்டவணையை அச்சிட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பொதுவான பிழை. சொற்களுக்கு எல்லோரும் ஒரே பொருளைக் கொள்கிறார்களா என்று சோதிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுத் தொகுப்புகளில் ஆறை எடுத்து, மாணவியர் பெயரையும் நோயாளிகளின் அடையாளங்களையும் நீக்கி, அனைத்து டியூட்டர்களுக்கும் தருவார்கள். தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு கூடிப் பேசி ஒவ்வொன்றுக்கும் பொது மதிப்பெண் முடிவு செய்வார்கள். அது 14, 12, 11, 9, 8, 6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு டியூட்டர் தனியாகப் போட்டது 12, 10, 9, 8, 6, 5. எல்லாமே ஒன்றிரண்டு குறைவு. இவர் கை இறுக்கமானவர், ஆனால் தரம் பிரிப்பதில் தவறவில்லை. எவ்வளவு குறைக்கிறார் என்று காட்டினால் திருத்திக்கொள்வார். இன்னொருவர் போட்டது 11, 14, 9, 12, 6, 8. கூட்டிப் பார்த்தால் 60. பொது மதிப்பெண்ணின் கூட்டலும் 60. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இவர் குறையே இல்லாதவராகத் தெரிவார். உண்மையில் சிறந்த தொகுப்பைக் கீழே இறக்கி, இரண்டாவதை முதலிடத்துக்கும் நான்காவதை அதற்கு அடுத்த இடத்துக்கும் ஏற்றியிருக்கிறார். இவர் அளப்பது வேறு எதையோ. அநியாயம் இவரிடம்தான் அதிகம், அதை எந்தக் கூட்டல் கழித்தலாலும் சரிசெய்ய முடியாது. எந்த வரிசையில் விலகினார் என்று அவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

‘எங்கள் டியூட்டர்கள் 83 சதவீதம் ஒத்துப்போகிறார்கள்’ என்ற கணக்கையும் அப்படியே ஏற்க முடியாது. 30 தொகுப்புகளை இருவர் தேர்ச்சியா, இல்லையா என்று மட்டும் பார்த்ததாகக் கொள்வோம். 24இல் இருவரும் தேர்ச்சி என்கிறார்கள், 1இல் இருவரும் இல்லை என்கிறார்கள், மீதி 5இல் முரண்படுகிறார்கள். ஒப்புதல் 30க்கு 25, அதாவது 83 சதவீதம். ஆனால் பெரும்பாலானோருக்குத் தேர்ச்சி போடும் இருவர், தொகுப்பைத் திறக்காமலே குத்துமதிப்பாகப் போட்டிருந்தாலும் 79 சதவீதம் ஒத்துப்போயிருப்பார்கள். இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கப்பா என்ற எண்ணை ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்தார். முழு ஒப்புதலுக்கு 1, தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை என்றால் 0. இந்த இருவருக்கும் வருவது சுமார் 0.19. படித்துப் பார்த்ததால் கிடைத்த ஒப்புதல் அவ்வளவுதான்.

வார்டு வேறுபாட்டுக்கு வழி எளிது. அரிய நோயைப் பார்த்ததற்கு எந்த வரிசையிலும் மதிப்பெண் வைக்காமல், இருந்த நோயாளியைப் பற்றி எப்படி யோசித்தார் என்பதற்கு மட்டும் வைத்தால் குழந்தைகள் வார்டும் அறுவை சிகிச்சை வார்டும் பெரும்பாலும் சமமாகும்.

சொற்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தேர்ச்சி இல்லை என்று எழுத டியூட்டர்களுக்குக் கை வராத நேரம் உண்டு. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதையே ஆராய்ந்தது. நாட்கணக்கில் கூடவே வேலை செய்த மாணவியிடம் கடைசி வாரத்தில் ‘நீ தேறவில்லை’ என்று சொல்வது கடினம். முன்பே எச்சரித்ததற்கான பதிவும் கையில் இருக்காது. போஸ்டிங்கின் பாதியில் அதே அட்டவணையால் ஒருமுறை மதிப்பிட்டு, மாணவியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது இதற்கான மருந்து. குறை முன்பே எழுத்தில் வந்துவிடுவதால் அவருக்குத் திருத்திக்கொள்ள நாளும் கிடைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சில தொகுப்புகளில் இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். இதற்கு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவப் பள்ளி, மாணவர் தொகுப்புகளுக்கு ஒரு முறையை வகுத்து 2005இல் விவரித்தது. மாணவரை வழிநடத்தும் ஆசிரியர் தன் பரிந்துரையை எழுதி மாணவரிடம் காட்டுகிறார். மாணவர் உடன்படாவிட்டால் அதைச் சொல்லலாம். பிறகு வேறொரு மதிப்பீட்டாளர் பார்க்கிறார். எல்லோரும் ஒத்துப்போனால் அதோடு முடிந்தது. பிரிந்தால் மட்டுமே தொகுப்பு குழுவின் மேசைக்குப் போகிறது. நர்சிங் கல்லூரி ஒன்று இதைப் பின்பற்றினால், 16இல் 2க்கு மேல் வேறுபடுபவையும் தேர்ச்சிக் கோட்டின் இருபுறம் விழுபவையும் மட்டும் மூன்றாவது டியூட்டரிடம் போகும்படி வைக்கலாம். அவருக்கு முந்தைய இருவரின் மதிப்பெண்களைச் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவர் முடிவை எந்தப் பக்கத்தில் எந்த வரியை வைத்து எடுத்தார் என்று எழுதித்தர வேண்டும். ஒரே வரிசையில் திரும்பத் திரும்பத் தகராறு வந்தால், அந்த வரிசையின் சொற்களைத்தான் அடுத்த ஆண்டுக்கு முன் திருத்தி எழுத வேண்டும்.