படத்தின் கீழே ஒரு வரி

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த ‘எர்த்ரைஸ்’ படத்தை ஓர் ஆசிரியர் ஸ்லைடில் வைக்கிறார் என்போம். நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. ‘படம்: வில்லியம் ஆண்டர்ஸ் / நாசா, 1968’ என்ற சிறு வரி போதும். ‘படம்: கூகுள்’ என்று எழுதுவது தவறு, கூகுள் தேடித்தான் தருகிறது.

விக்கிமீடியா காமன்ஸில் CC BY 4.0 உரிமத்தோடு கிடைக்கும் படத்துக்கு வரி சற்று நீளும். எடுத்தவர் பெயர், மூலப் பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு ஆகியவை வேண்டும். ஓரத்தை வெட்டியிருந்தால் ‘வெட்டப்பட்டது’ என்றும் சேர்க்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

அந்த வரியைப் படத்தின் கீழேயே சிறிய எழுத்தில் வையுங்கள். கடைசி ஸ்லைடில் மொத்தமாகப் போட்டால், ஒரு ஸ்லைடை மட்டும் நகலெடுப்பவரிடம் படமெடுத்தவரின் பெயர் போய்ச் சேராது.