மேல்நிலை நீர்த்தொட்டி தூய்மைப்படுத்தும் நாள்: நோயாளி உள்ள வீடுகளுக்கான முன்னேற்பாடு

“வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மேல்நிலைத் தொட்டிகள் தூய்மை செய்யப்படும், குழாய்களில் நீர் வராது, தேவையான நீரை முன்னதாகச் சேமித்துக்கொள்ளவும்.” அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகையில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். பிற வீடுகளுக்கு இது போதுமானது. ஆனால் வயிற்றுவழி டயாலிசிஸ் (சி.ஏ.பி.டி.) செய்துகொள்பவர் இருக்கும் வீட்டிற்கு இது போதாது.

சி.ஏ.பி.டி. நோயாளி நாளொன்றுக்குப் பொதுவாக 3 அல்லது 4 முறை திரவப் பையை மாற்ற வேண்டும். காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் குறைந்தது ஒரு மாற்றமாவது வரும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னர் சோப்பிட்டு, ஓடும் நீரில் கைகளைக் கழுவி, முழுமையாக உலர்த்த வேண்டும். குழாய் வறண்டிருக்கும்போது, வாளிக்குள் கையை விட்டுக் கழுவுவது வழக்கமாகிவிடுகிறது. அதே நீரில் பலர் கை நனைத்திருப்பர். அந்தக் கைகளால் இணைப்புக் குழாயைத் தொட்டால், கிருமிகள் நேரடியாக வயிற்றறைக்குள் செல்ல வழி ஏற்படும்.

எனவே, அடியில் குழாய் பொருத்தப்பட்ட, மூடியுள்ள 20 லிட்டர் கொள்கலன் ஒன்றைக் கை கழுவுவதற்கென்றே முந்தைய நாள் நிரப்பி வைக்கவும். கொதிக்கவைத்து ஆறிய நீராக இருப்பின் நன்று. அத்தகைய கொள்கலன் இல்லையெனில், உதவியாளர் குவளையால் நீரை ஊற்ற, நோயாளி கழுவிக்கொள்ளலாம். ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தையும் அருகில் வைத்திருக்கவும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத கைகளுக்கு அது பயன்படும். நீர் இல்லையென்று ஒரு மாற்றத்தைத் தவிர்ப்பது தவறு. நேரத்தைச் சற்று முன்பின்னாக அமைத்துக்கொள்ள வேண்டுமெனில், தங்கள் டயாலிசிஸ் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

மற்ற தேவைகளைக் கணக்கிடுவது எளிது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு, குடிக்கவும் சமைக்கவும் சுமார் 20 லிட்டர் மூடிய பாத்திரத்தில் வேண்டும். கழிப்பறைக்கு ஒருமுறைக்கு 5 லிட்டர் என்று கொண்டால், 20 முறைக்கு 100 லிட்டர், அதாவது ஐந்து பெரிய வாளிகள். வெந்நீர்க் கருவியின் மின்விசையைக் காலையிலேயே நிறுத்திவிடவும். நீரின்றி அது இயங்கினால் பழுதாகும்.

மாடியில் நடப்பது என்ன?

தொட்டியைக் காலி செய்து, படிந்த வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பின்னர், பிளீச்சிங் பவுடர் கரைசலால் கிருமி நீக்கம் செய்வர். இதற்கு லிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம் அளவில் குளோரின் பயன்படுத்தப்படும். வழங்கப்படும் குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம், 1 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால், தொட்டியிலிருந்து முதலில் இறங்கும் நீரை ஏன் பயன்படுத்தக் கூடாது என்பது விளங்கும்.

ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அன்று மாடிக்குச் செல்ல வேண்டாம். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். “நன்றாக வெளுக்கும்” என்று கருதி இதைச் செய்பவர்கள் உள்ளனர். குடியிருப்போர் சங்கத்தினர் இதைப் பணியாளர்களிடம் முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

நீர் மீண்டும் வரும்போது

முதலில் குளியலறைக் குழாயைத் திறந்துவிடவும். கலங்கலும் கடும் நெடியும் நீங்கும் வரை ஓடவிட்ட பின்னரே சமையலறைக் குழாயைத் திறக்க வேண்டும். ஆர்.ஓ. கருவிக்குச் செல்லும் குழாய் அதுவரை மூடியிருக்கட்டும். வண்டலும் மிகுதியான குளோரினும் அதன் வடிகட்டிகளைக் கெடுக்கும். கொதிக்கவைத்தால் கிருமி அழியும், கலங்கல் நீங்காது. ஆகவே, கலங்கிய நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க முயல வேண்டாம். சி.ஏ.பி.டி. குழாய் வெளிவரும் இடத்தில் இந்த முதல் நீர் படக் கூடாது. நோயாளி மறுநாள் குளிப்பதே நல்லது.

அடுத்த சில நாட்களில் வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தாலோ, வயிற்றுவலி அல்லது காய்ச்சல் ஏற்பட்டாலோ, அது வயிற்றறைத் தொற்றாக இருக்கலாம். அன்றே டயாலிசிஸ் பிரிவுக்குச் செல்லவும். கலங்கிய திரவப் பையைக் கொட்டிவிடாமல் உடன் எடுத்துச் செல்லவும்.

எஞ்சிய வாளி நீரைத் திறந்தபடி விட்டுவைக்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அது கொசுவாகிவிடும். மறுநாளே அந்நீரைத் தரை கழுவப் பயன்படுத்திவிட்டு, வாளிகளின் உட்புறத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கவும்.